மூணு மணி நேர கல்யாண கேசட்ட சீன் சீனா பிரிக்கறது எப்படி

எங்க சித்தி கல்யாணம் 1994ல நடந்துச்சு, அதோட விஎச்எஸ் கேசட் ஒண்ணு அலமாரில பாலிதீன் கவர் சுத்தி இருந்துச்சு, போன வருஷம் அத கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். ப்ளே பட்டன அமுக்கிட்டு கேப்சர் ஓட விட்டுட்டு படுக்கப் போயிட்டேன், காலைல பாத்தா 2 மணி 52 நிமிஷம் ஒரே ஃபைலு. அம்மாகிட்ட காட்டுனா பத்து நிமிஷம் பொறுமையா பாத்துட்டு "டேய், எங்கப்பா வர்ற எடத்த மட்டும் போடுடா"ன்னாங்க. அந்த எடம் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஓட்டி ஓட்டி ஒரு மணி நேரம் போச்சு, கிடைக்கல. அப்பறம்தான் இத ஒழுங்கா துண்டு போடணும்னு உக்காந்தேன்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சீன் டிடெக்‌ஷன், சாஃப்ட்வேரே படம் மாறுற எடத்தக் கண்டுபிடிச்சு குடுக்கும். இன்னொண்ணு, நாமளே பாத்துக்கிட்டே வந்து வேணும்ங்கற எடத்துல மார்க்கர் குத்தறது. நெறைய பேரு இதுல ஏதாவது ஒண்ண மட்டும் செஞ்சுட்டு சலிச்சுப் போயி விட்டுடுறாங்க, நானும் மொதல்ல அப்படித்தான் பண்ணேன். உண்மைல ரெண்டுக்கும் வேலையே வேற வேற. எந்த ஃப்ரேம்ல மாறுதுன்னு மெஷின் துல்லியமா சொல்லும், அது என்ன சீனுன்னு நாமதான் சொல்லணும்.

மெஷின் என்ன செய்யுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கலாம், அது புரிஞ்சா மீதி எல்லாம் தானா வந்துரும். நம்ம ஊரு வீடியோ PALங்கற சிஸ்டம், செகண்டுக்கு 25 ஃப்ரேம். 2 மணி 52 நிமிஷம்னா 2,58,000 ஃப்ரேம். மெஷின் ஒவ்வொரு ஃப்ரேமையும் அதுக்கு முந்துன ஃப்ரேமோட வச்சுப் பாக்கும், நிறம் எவ்வளவு மாறிருக்கு, வெளிச்சம் எவ்வளவு மாறிருக்குன்னு கணக்குப் போட்டு ஒரு நம்பர் குடுக்கும். பொண்ணு சும்மா மணைல உக்காந்திருக்குன்னா அந்த நம்பர் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், ஏன்னா ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. கேமராமேன் மேடைலேருந்து சட்டுனு கூட்டத்துப் பக்கம் திருப்புனா பத்து பதினஞ்சுக்கு ஏறும். மண்டபம் கட் ஆகி வாசல் பந்தல் வந்தா ஒரே ஃப்ரேம்ல நாப்பது அறுவதுன்னு எகிறும். நாம ஒரு அளவு சொல்லுவோம், அத தாண்டுனா கட்டுன்னு எழுதிக்கோன்னு, அந்த அளவுக்குப் பேருதான் த்ரெஷோல்டு. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு கல்யாணமும் தெரியாது, தாலியும் தெரியாது, படம் திடீர்னு மாறிச்சா இல்லையா, அது மட்டுந்தான் தெரியும்.

நான் யூஸ் பண்ணது பைசீன்டிடெக்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், கமாண்ட் அடிச்சு ஓட்டறது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் இதே வேலைய செய்யற வசதி உள்ளயே இருக்கு, அதுல வேலை தெரிஞ்சவங்க அதுலயே பண்ணலாம், தத்துவம் ஒண்ணுதான்.

ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை, இத நான் மொதல் தடவ செய்யாம விட்டு பட்டேன். ஒரிஜினல் ஃபைல அப்படியே மெஷின்கிட்ட குடுக்காதீங்க, அதுலேருந்து சின்னதா ஒரு காப்பி எடுத்து அதக் குடுங்க. விஎச்எஸ் படத்துல அடியில ஒரு பட்டை எப்பவும் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும் பாத்திருப்பீங்க, டிவில அது ஓரத்துல மறைஞ்சுரும், கேப்சர் பண்ணா தெரியும். அந்த நெளிசலும் மெஷின் கணக்குல சேந்துரும், அதனால அத வெட்டிடணும். விஎச்எஸ் படம் ஒத்த வரி ரெட்ட வரின்னு மாத்தி மாத்திப் பதிவாகறது, கை வேகமா அசைஞ்சா சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும், அதையும் சரி பண்ணிக்கணும். முக்கியமா இன்னொண்ணு, செகண்டுக்கு சரியா 25 ஃப்ரேம்னு கட்டிப் போடணும். இது எல்லாத்தையும் ffmpegனு இன்னொரு இலவச சாஃப்ட்வேர்ல ஒரே கமாண்ட்ல பண்ணிரலாம்:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf "yadif,crop=iw-16:ih-16:8:0,scale=360:-2" -r 25 -an chinna.mp4
```

`yadif` அந்த சீப்புப் பல்ல சரி பண்ணும், `crop` அடிலேருந்து 16 வரியும் பக்கவாட்டுல எட்டெட்டும் வெட்டும், `scale` படத்த சின்னதாக்கும், `-an` சத்தத்த எடுத்துரும். படம் சின்னதா இருக்கறதால மெஷின் வேகமாவும் ஓடும்.

அந்த `-r 25` ஏன் முக்கியம்னா, கேசட் பழசு, நடுவுல சிக்னல் விட்டு விட்டு வரும், கேப்சர் பண்ற டப்பா அங்கங்க ஃப்ரேம விட்டுடும். மெஷின் நேரத்த எப்படிக் கணக்குப் போடுதுன்னா, எத்தனாவது ஃப்ரேம்னு எண்ணி 25ஆல வகுக்கும். நடுவுல நூறு ஃப்ரேம் காணாமப் போயிருந்தா கணக்கு நாலு செகண்டு தப்பும். எனக்கு மொதல் தடவ இதான் ஆச்சு, மொதல் அரை மணி நேரத்துல கட்டெல்லாம் கச்சிதமா இருந்துச்சு, ரிசப்ஷன் வரும்போது ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு செகண்டு தள்ளித் தள்ளி விழுது, நான் சாஃப்ட்வேர் சரியில்லன்னு திட்டிட்டு இருந்தேன். ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகுதுன்னா இதுதான் காரணம்னு தெரிஞ்சுக்கலாம்.

இப்ப மெஷின ஓட்டலாம்:

```
scenedetect -i chinna.mp4 -m 2s -s kanakku.csv detect-content -t 27 list-scenes save-images -n 1
```

`-t 27`தான் த்ரெஷோல்டு, நாம எதுவும் சொல்லலன்னாலும் அது 27தான் எடுத்துக்கும். `-m 2s`னா ரெண்டு செகண்டுக்குக் கொறஞ்ச துண்டு வேணாம்னு அர்த்தம். ஓடி முடிச்சதும் ஒரு சிஎஸ்வி ஃபைல் கிடைக்கும், எக்செல்ல தொறந்தா ஒவ்வொரு துண்டும் எந்த நேரத்துல ஆரம்பிச்சு எந்த நேரத்துல முடியுதுன்னு இருக்கும். கூடவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு போட்டோ வந்து விழும். `kanakku.csv`ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வந்த நம்பர் இருக்கும், எதாவது எடத்துல ஏன் கட் விழுந்துச்சு, ஏன் விழலன்னு பாக்கணும்னா அங்க போயி பாத்துக்கலாம்.

எனக்கு அறுநூறு துண்டுக்கு மேல வந்துச்சு. அறுநூறு சீனாடா கல்யாணத்துலன்னு தல சுத்திருச்சு. இங்கதான் ஒரு வார்த்தைய சரியா புரிஞ்சுக்கணும், மெஷின் கண்டுபிடிக்கறது சீன் இல்ல, ஷாட். கேமராமேன் பட்டன ஆன் பண்ணி ஆஃப் பண்றதுக்குள்ள எடுத்தது ஒரு ஷாட். மாலை மாத்தறது ஒரு சீன், ஆனா அதுல இருவது ஷாட் இருக்கலாம். பேருதான் சீன் டிடெக்‌ஷன், செய்யறது ஷாட் டிடெக்‌ஷன்.

சரி, இந்த அறுநூறும் நெசமான ஷாட்டான்னா அதுவும் இல்ல. ரிசப்ஷன் பாருங்க. கேமரா ஸ்டாண்டுல ஒரே எடத்துல நிக்குது, ஒவ்வொரு குடும்பமா மேடையேறி கவர் குடுத்து போட்டோவுக்கு நிக்கறாங்க, போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடிக்கறாரு. ஃப்ளாஷ் அடிச்ச அந்த ஒரு ஃப்ரேம் பளீர்னு வெளுத்துப் போயிரும், அடுத்த ஃப்ரேம் பழையபடி ஆயிரும். மெஷினுக்கு என்ன தெரியும்? நம்பர் எகிறிச்சு, கட்டுன்னு எழுதிக்கும். அடுத்த ஃப்ரேம் பழைய நிலைக்கு வரும்போதும் எகிறும், அதுவும் ஒரு கட்டு. `-m 2s` போட்டிருக்கறதால ரெண்டாவது போயிரும், மொதல் கட்டு மிஞ்சும். ஆக ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் ஒரு பொய் கட்டு. இதுல கொடுமை என்னன்னா, ஒரு குடும்பம் எறங்கி அடுத்த குடும்பம் ஏறுதே, நமக்கு வேண்டியது அதுதான், அங்க கட்டே விழாது, ஏன்னா ஆளுங்க நடந்து போறது மெதுவா நடக்கற மாற்றம்.

ஃப்ளாஷா நெசக் கட்டான்னு கண்டுபிடிக்கறது சுலபம். சந்தேகப்படற எடத்துக்கு முந்துன ஃப்ரேமையும் ரெண்டு ஃப்ரேம் தள்ளியும் பாருங்க. அதே ஆளு அதே எடத்துல நின்னா ஃப்ளாஷ். கணக்கு ஃபைல்லயும் தெரியும், நெசக் கட்டுன்னா ஒரே ஒரு வரில பெரிய நம்பர் வந்து அடங்கிரும், ஃப்ளாஷ்னா அடுத்தடுத்து ரெண்டு வரில பெரிய நம்பர் நிக்கும்.

அப்ப த்ரெஷோல்ட ஏத்திட்டா ஃப்ளாஷ் போயிராதான்னு தோணும். 50 வச்சுப் பாத்தேன். ஃப்ளாஷ் கொஞ்சம் கொறஞ்சுது, ஆனா மண்டபத்துக்குள்ளேயே ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் மாறுற நெசக் கட்டெல்லாமும் சேந்து போச்சு, ஏன்னா ரெண்டு பக்கமும் அதே சிகப்பு ஜமக்காளம் அதே ட்யூப்லைட், நிறத்துல பெரிய வித்தியாசம் இல்ல. அதனால நான் சொல்றது, கொஞ்சம் அதிகமா கட்டு விழுற மாதிரியே வச்சுக்கங்க. வேண்டாத கட்டத் தூக்கிப் போட ஒரு பார்வை போதும், விட்டுப் போன கட்டத் தேட முழு கேசட்டையும் பாக்கணும். மொத்தமா ஓட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷத் துண்டு ஒண்ண எடுத்து, கையால கட்ட எண்ணிட்டு, அதே துண்ட மெஷின்ல ரெண்டு மூணு த்ரெஷோல்டுல ஓட்டிப் பாத்தா உங்க கேசட்டுக்கு எது சரியா வரும்னு தெரிஞ்சுரும். கேமராமேன் கைல புடிச்சுக்கிட்டு ஓடியாடி எடுத்த ஊர்வலம் மாதிரி பகுதின்னா `detect-content`க்கு பதிலா `detect-adaptive`னு போட்டுப் பாருங்க (அதுக்கு த்ரெஷோல்டு கணக்கு வேற, அதனால `-t 27`ஐ எடுத்துருங்க), அது ஒரு ஃப்ரேமோட நம்பர அக்கம்பக்கத்து ஃப்ரேமோட சராசரியோட ஒப்பிடும், அதனால கேமரா ஆடிக்கிட்டே இருந்தா எல்லா நம்பரும் சேந்தே ஒசந்திருக்கும், அத கட்டுன்னு எடுக்காது.

அதிகமா விழறது ஒரு பக்கம், விழவே விழாத எடம் இன்னொரு பக்கம். அந்தக் காலத்து கல்யாண வீடியோவுல மிக்சிங்னு ஒண்ணு இருந்துச்சே, மாப்பிள்ள மொகம் நட்சத்திரத்துக்குள்ள வந்து விரியும், பொண்ணு ரோஜாப்பூவுக்குள்ளேருந்து எட்டிப் பாக்கும், கோயில் கோபுரம் கரைஞ்சு மண்டபமா மாறும். கண்ணுக்கு அதுதான் பெரிய மாற்றம், மெஷினுக்கு அது கண்ணுலயே படாது. கணக்குப் போட்டுப் பாருங்க, நேரடி கட்டுல 60 நம்பர் ஒரே ஃப்ரேம்ல வருது, அதே மாற்றம் ஒன்ற செகண்டு கரைஞ்சு நடந்தா சுமாரா 37 ஃப்ரேமுக்கு பங்கு போட்டுக்கும், ஒரு ஃப்ரேமுக்கு ரெண்டு கூட வராது. சும்மா உக்காந்திருக்கற பொண்ணுக்கும் அதே ரெண்டுதான். த்ரெஷோல்ட எவ்வளவு கொறச்சாலும் இத புடிக்க முடியாது, கொறச்சா கல்யாணமே முழுக்க கட்டாயிரும். மிக்சிங்காரர் எங்கெல்லாம் கைவரிசையக் காட்டுனாரோ அங்கெல்லாம் நாமதான் போகணும்.

இதவிட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. முகூர்த்தம். தாலியத் தட்டுல வச்சு எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்து, கெட்டிமேளம் கொட்டி, மூணு முடிச்சு போட்டு, அட்சதை விழுந்து முடியற வரைக்கும் கேமராமேன் நிறுத்தவே மாட்டாரு, நிறுத்துனா அவரு தொழிலே போச்சு. எங்க கேசட்ல அது ஆறு நிமிஷம் ஒரே ஷாட். அறுநூறு கட்டு போட்ட மெஷின் கல்யாணத்தோட முக்கியமான நிமிஷத்துல ஒரு கோடு கூட போடல. அது தப்பு பண்ணல, படம் மாறல, அதனால கோடு இல்ல, அவ்வளவுதான்.

இதுக்குத்தான் மார்க்கர். எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுலயாவது ஒரிஜினல் ஃபைலப் போட்டு, ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு, புது சீன் ஆரம்பிக்கற எடத்துல M அமுக்கி பேரு எழுதணும், நெறைய சாஃப்ட்வேர்ல M தான் மார்க்கர் கீ. 2 மணி 52 நிமிஷம் சுமாரா ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுரும். ஆனா அதுக்கு முன்னாடி, மெஷின் குடுத்துச்சே போட்டோ, அந்த ஃபோல்டர பெரிய ஐகான் வச்சு ஒரு தடவ மேலேருந்து கீழ தள்ளிப் பாத்துருங்க. பச்சைப் புடவை போயி அரக்குப் புடவை வர்ற எடம் கண்ணுல அடிக்கும், அது முகூர்த்தம். இலை வந்தா பந்தி. எங்க என்ன இருக்குன்னு ஒரு மேப்பு மாதிரி தெரிஞ்சுரும், அப்பறம் மார்க்கர் போடறது பாதி வேலை.

கெட்டிமேளம் மாதிரி எடத்துக்கு சத்தத்தோட வேவ்ஃபார்மப் பாருங்க. கேமரா மைக் சத்தத்தத் தானா ஏத்தி எறக்கற ஆளு, அதனால நீங்க நெனைக்கற அளவுக்கு ஒசரமா எகிறாது, ஆனா மந்திரம் சொல்லும்போது இடைவெளி இடைவெளியா இருக்கற கோடு, தவிலு அடிக்க ஆரம்பிச்சதும் இடைவெளியே இல்லாம தடிமனா ஆயிரும். சத்தத்த நம்பாத எடமும் இருக்கு, ரிசப்ஷன், ஊர்வலமெல்லாம் சினிமாப் பாட்டுப் போட்டு நெரப்பி வச்சிருப்பாங்க, ஒரே பாட்டு மூணு சீனுக்கு ஓடும்.

இப்ப ரெண்டையும் சேக்கறதுதான் எனக்குப் புடிச்ச வேலை. வேகமா ஓட விட்டுட்டு M அமுக்கும்போது கை எப்பவும் லேட்டாத்தான் போகும். மாலை மாத்தறதுக்கு நான் போட்ட மார்க்கர் 00:41:14ல விழுந்துச்சு. மெஷினோட சிஎஸ்வியத் தொறந்து அதுக்கு முன்னாடி கிட்ட இருக்கற கட்டப் பாத்தா 00:41:12.360. அதுதான் சரியான எடம், மார்க்கர அங்க நகத்திட்டேன். முன்னாடி அஞ்சு செகண்டுக்குள்ள மெஷின் கட்டு இருந்தா அத எடுத்துக்கறது, இல்லன்னா அங்க மிக்சிங்கோ தொடர் ஷாட்டோ இருக்குன்னு அர்த்தம், அப்ப மட்டும் அம்புக்குறி கீய அமுக்கி ஃப்ரேம் ஃப்ரேமா போயி நானே முடிவு பண்றது. பக்கத்துல ஃப்ளாஷ் கட்டு இருந்தா ஏமாந்துராதீங்க, நகத்துனதுக்கு அப்பறம் ஒரு தடவ படத்தப் பாத்துக்கங்க. இப்படியே அறுநூத்திச் சொச்சம் கட்டு, 24 சீனா சுருங்கிச்சு. அதுல 17 எடத்துக்கு மெஷின் கட்டு கிடைச்சுது, ஏழுதான் கையால போட்டது. ஆங், கேசட் நடுவுல நீலமா ஸ்க்ரீன் வர்ற எடம் இருந்தா அது இனாம், கேமராமேன் ஒரு டேப்ப முடிச்சு அடுத்தது போட்ட எடமா இருக்கும், பெரும்பாலும் அங்க சீனும் மாறும்.

கடைசியா வெட்டறது. இப்ப ஒரிஜினல் ஃபைல்லேருந்து வெட்டணும், சின்ன காப்பிலேருந்து இல்ல:

```
ffmpeg -ss 00:41:12.360 -to 00:47:05 -i kalyanam.mp4 -c copy 07-maalai.mp4
```

`-c copy`னா படத்த திரும்ப என்கோட் பண்ணாம அப்படியே எடுத்து வைக்கறது, தரம் கொறையாது, சில செகண்டுல முடிஞ்சுரும். ஆனா வெட்டுன ஃபைலத் தொறந்தா மாலை மாத்தறதுக்கு முன்னாடி அஞ்சாறு செகண்டு பழைய சீன் ஒட்டிக்கிட்டு வரலாம், நேரம் தப்பா குடுத்தோமோன்னு பயப்படாதீங்க. எம்பி4ல எல்லா ஃப்ரேமும் முழுப் படம் இல்ல, கீஃப்ரேம்னு சொல்ற முழுப் படம் எப்பவாவது ஒருக்காதான் வரும், சில சமயம் 250 ஃப்ரேமுக்கு ஒண்ணு, அதாவது பத்து செகண்டுக்கு ஒண்ணு, நடுவுல இருக்கறதெல்லாம் முந்துனதுலேருந்து என்ன மாறிச்சுங்கற குறிப்பு மட்டுந்தான். காப்பி பண்ணி வெட்டுனா கீஃப்ரேம்லேருந்துதான் ஆரம்பிக்க முடியும். வீட்டுல பாக்கறதுக்கு இந்த அஞ்சு செகண்டு ஒரு பிரச்சனையே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். கச்சிதமா வேணும்னா `-c copy`க்கு பதிலா `-vf yadif -c:v libx264 -crf 18 -c:a aac` போட்டு திரும்ப என்கோட் பண்ணுங்க, நேரம் ஆகும். MiniDV கேசட்லேருந்து DV ஃபைலா எடுத்ததுன்னா இந்தத் தொல்லையே கிடையாது, அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். எதுவா இருந்தாலும் வெட்டிட்டோமேன்னு ஒரிஜினல அழிச்சுடாதீங்க, பத்து நாள் கழிச்சு யாராவது வந்து வேற எடத்துல வெட்டிக் குடுன்னு கேப்பாங்க.

தாத்தா கிடைச்சாரான்னு கேக்கறீங்களா. மெஷின் குடுத்த போட்டோ எதுலயும் இல்ல. பந்தில நாலு நிமிஷ ஷாட் ஒண்ணு, போட்டோவுக்கு அந்த ஷாட்டோட நடு ஃப்ரேமத்தான் அது எடுக்கும், அதுல இலை வரிசைதான் இருந்துச்சு. மார்க்கர் போட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டும்போதுதான் பாத்தேன், 01:36:20ல எடது ஓரமா கைல ரச வாளியோட வர்றாரு, யாரையோ பாத்து இன்னும் கொஞ்சம் ஊத்தட்டான்னு கேக்கறாரு, பதினோரு செகண்டு. அங்க M அமுக்கி 'தாத்தா'ன்னு பேரு வச்சேன், அந்த மார்க்கருக்குக் கிட்ட மெஷின் கட்டு எதுவும் இல்ல.